மூன்று நிமிட அறிமுகம்: நிதி திரட்டும் விருந்தில் நிறுவனரை மேடைக்கு அழைப்பவருக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு சேவை அமைப்புக்காக இரவு விருந்து வைக்கிறார்கள். ஐம்பது பேர் வருகிறார்கள். "நீங்கதான் நல்லா பேசுவீங்க, நிறுவனரை நீங்களே அறிமுகம் பண்ணிடுங்க" என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். என்னிடம் இந்த வேலை வந்தபோது, மேடை அலங்காரம் முதல் மெனு வரை சொல்லித்தர ஆட்கள் இருந்தார்கள். அறிமுகத்தில் என்ன பேசினால் வந்தவர்கள் கொடுக்கத் தயாராவார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு, செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உதாரணத்துக்கு ஒரே அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டுகளிலும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும், ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சிறிய அறக்கட்டளை அது. அதைத் தொடங்கியவர் ஒரு செவிலியர். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. பேச வேண்டியவர் நீங்கள்தானா என்று முதலில் பாருங்கள்

அறிமுகம் செய்பவருக்கு இரண்டு தகுதி வேண்டும். வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது அவரைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அமைப்புக்கு அவர் ஏற்கெனவே பணம் கொடுத்திருக்க வேண்டும். குரல் வளம், மேடைப் பழக்கம் எல்லாம் இதற்கு அப்புறம்தான். அமைப்பில் சம்பளம் வாங்குபவர் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், அது அவருடைய வேலை என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும். தங்களைப் போலவே தேயிலை விலையைப் பற்றியும் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியும் கவலைப்படுகிற ஒருவர் எழுந்து "நான் கொடுத்தேன்" என்று சொல்வது வேறு.

ஆகவே, ஒப்புக்கொண்ட அன்றே உங்கள் நன்கொடையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, உங்கள் வசதிக்கு அது மெய்யான தொகையாக இருந்தால் போதும். அமைப்பு எவ்வளவு சீக்கிரம் ரசீது தருகிறது, அதில் பான் எண்ணும் வரிவிலக்குப் பதிவு எண்ணும் சரியாக இருக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

2. மூன்று வாரத்துக்கு முன்: ஒரு நாள் கூடவே போங்கள்

நிறுவனரிடம் வாழ்க்கைக் குறிப்பு அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். கேட்டால் பிறந்த ஊர், படிப்பு, வாங்கிய விருதுகள் எல்லாம் ஒரு பக்கத்துக்கு வரும். அதை வாசித்தால் கேட்பவர்கள் கை தட்டுவார்கள், அதோடு சரி. அதற்குப் பதில் ஒரு முழு நாள் அவருடைய வேலைக்குக் கூடப் போங்கள். கேள்விகளைக் குறைத்து, அவர் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

சிஸ்டரோடு நான் போன வீட்டில், உள்ளே நுழைந்ததும் அவர் மருந்துப் பையைத் திறக்கவில்லை. நேராக அடுப்புக்குப் போய் இரண்டு கையையும் நெருப்பில் காட்டிக்கொண்டு நின்றார். குளிர்ந்த கையால் தொட்டால் நோயாளிக்கு வலிக்கும் என்பதற்காக. எந்த வாழ்க்கைக் குறிப்பிலும் இது வராது. அவருக்கே இது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றாது. நீங்கள் தேட வேண்டியது இந்த மாதிரி ஒன்றைத்தான்: வெளியாள் கண்ணுக்கு மட்டும் படுகிற, வேலையின் தன்மையைக் காட்டுகிற ஒரு சின்னச் செயல். ஒன்று கிடைத்தால் போதும். மூன்று வைத்தால் மூன்றும் மங்கிவிடும்.

திரும்பும் வழியில் இரண்டு விஷயம் பேசி முடியுங்கள். ஒன்று, மேடையில் அவர் எந்தக் கதையைச் சொல்லப் போகிறார் என்பது. அதை நீங்கள் தொடக் கூடாது. எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்பதை அவரே சொல்லட்டும். இன்னொன்று, இப்போது அவரால் முடியாமல் நிற்கும் வேலை எது என்பது. சிஸ்டர் தயங்காமல் சொன்னார்: நாற்பது பேரைப் பார்க்கிறோம், பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அறிமுகத்தின் முதுகெலும்பு இந்தப் பன்னிரண்டுதான்.

அதே வாரத்தில் அலுவலகத்திலிருந்து மூன்று தாள்களின் நகலை வாங்கி வையுங்கள்: நன்கொடையாளருக்கு வரிவிலக்குத் தரும் 80ஜி பதிவுச் சான்றிதழ், கடைசியாகத் தணிக்கை முடிந்த ஆண்டின் கணக்கு, வங்கி விவரத்துக்கு ரத்து செய்த காசோலை ஒன்று. 80ஜி பதிவுக்குக் காலவரம்பு உண்டு. எந்த ஆண்டு வரை செல்லும் என்று சான்றிதழிலேயே பாருங்கள். விருந்து நாளில் அது காலாவதியாகியிருந்தால் வரிவிலக்கு என்ற பேச்சையே எடுக்க முடியாது.

3. நோயாளியின் கதைக்கு அனுமதி

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய பொறி. கோத்தகிரி, குன்னூர் மாதிரி ஊர்களில் ஹட்டியின் பெயரையும் வயதையும் நோயையும் சொன்னால் ஆள் யார் என்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். விருந்துக்கு வந்திருப்பவர் அந்த நோயாளி வேலை பார்த்த எஸ்டேட்டின் முதலாளியாகவே இருக்கலாம். புற்றுநோய் என்பதை வீட்டுக்குள்ளேயே சிலரிடம் மறைத்து வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு.

எனவே எஸ்டேட் பெயர், ஊர்ப் பெயர், வயது மூன்றையும் விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லப் போகும் வரிகளை எழுதி, சிஸ்டர் மூலம் அந்தக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சம்மதம் என்றால் தமிழில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி அமைப்பின் கோப்பில் வைத்துவிடலாம். நோயாளிக்கு நினைவு இருந்தால் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும், மகனுடையது போதாது. மறுத்துவிட்டால், முகம் சுளிக்காமல் வேறு வீடு. மருத்துவம் தொடர்வதற்கும் இந்தச் சம்மதத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை முதல் வார்த்தையிலேயே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். புகைப்படம் வேண்டவே வேண்டாம்.

4. சொல்ல ஒரே ஒரு தொகை

கேட்பவர் மனம் இளகிய நேரத்தில் "எவ்வளவு கொடுப்பது?" என்ற கேள்வி அவருக்குள் வரும். அதற்குப் பதில் தயாராக இல்லையென்றால் ஆயிரம் ரூபாயை உறையில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார். கணக்கரோடு உட்கார்ந்து ஒரே ஒரு தொகையைக் கண்டுபிடியுங்கள்.

எங்கள் கணக்கு இது. மாதத்துக்கு ஜீப், டீசல், டிரைவர் 30,000 ரூபாய். இரண்டு செவிலியர் சம்பளம் 50,000. மருந்து, கட்டுத்துணி, படுக்கைப் புண்ணுக்கான பொருட்கள் 32,000. அலுவலகம், போன், தணிக்கை 8,000. மொத்தம் 1,20,000. நாற்பது நோயாளிகளால் வகுத்தால் ஒருவருக்கு மாதம் 3,000, வருஷத்துக்கு 36,000. வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு இந்தச் செலவு. பன்னிரண்டு பேர் கூடினால் இருக்கிற ஒரு ஜீப் போதாது. அதே 36,000 கணக்கில், வாரத்தில் சில நாள் இன்னொரு வண்டியை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம் என்று சிஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆக, திரட்ட வேண்டியது 4,32,000 ரூபாய்.

சம்பளத்தை மறைத்துவிட்டு மருந்துச் செலவை மட்டும் காட்டத் தோன்றும். 800 ரூபாயில் ஒரு நோயாளி என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வந்திருப்பவர்களில் மில் நடத்துபவர்களும் எஸ்டேட் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஜீப் எதில் ஓடுகிறது என்று அவர்கள் கேட்பார்கள். முழுச் செலவைச் சொல்லுங்கள், அதுதான் நிற்கும்.

5. எழுதுங்கள், அளந்து பாருங்கள்

என் வேகத்துக்கு மேடையில் நிமிடத்துக்கு எண்பது சொல் வரை பேச முடிகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்தால் நல்லது. நான் எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு எஸ்டேட். ஜீப் பாதை ஒரு வளைவோடு முடிந்துவிடும், அதற்கு மேல் படிக்கட்டுதான். போன மாதம் ஒரு காலையில் சிஸ்டருக்குப் பின்னால் அந்தப் படியில் ஏறினேன். மேலே ஒரு லைன் வீட்டில், வாழ்க்கை முழுக்க இலை பறித்த ஒரு அம்மா படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

சிஸ்டர் உள்ளே போனதும் பையைத் திறக்கவில்லை. அடுப்புக்குப் போய் இரண்டு கையையும் காய வைத்தார். எதற்கு என்று கேட்டேன். 'சில்லுன்னு தொட்டா அவங்களுக்கு வலிக்கும்' என்றார். அப்புறம்தான் பழைய கட்டைப் பிரித்தார். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டி முடிக்க முக்கால் மணி நேரம். நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். 'ராத்திரி பூரா தூங்கலைங்க' என்று மகள் சொன்னார்.

சிஸ்டரின் குழு இப்படி நாற்பது வீட்டுக்குப் போகிறது. யாரிடமும் காசு வாங்குவதில்லை. ஒருவரை ஒரு வருஷம் பார்க்க முப்பத்தாறாயிரம் ரூபாய் ஆகிறது. இன்னும் பன்னிரண்டு வீடு காத்திருக்கிறது. ஒரு வீட்டை என் குடும்பம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மற்ற வீடுகளைப் பற்றி அவரே சொல்வார். சிஸ்டர், வாங்க."

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். "மேடையில் வீற்றிருக்கும்" என்று தொடங்கும் நீண்ட வரிசை இல்லை. அதற்கே இரண்டு நிமிடம் போய்விடும். முக்கியஸ்தர்களை வரவேற்பதும் பொன்னாடை போர்த்துவதும் தொகுப்பாளர் வேலை, அதைச் சூப் கொடுக்கும் நேரத்திலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். தியாகி, தெய்வப்பிறவி, அன்னை போன்ற சொற்களும் இல்லை. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். தெய்வத்தைக் கண்டால் கும்பிடுவார்கள், தெய்வத்துக்கு டீசல் தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றாது. வேலை தெரிந்த, ஆனால் ஆளும் வண்டியும் போதாத ஒரு மனுஷியாகத்தான் அவரைக் காட்ட வேண்டும்.

நன்கொடை கேட்கும் வரியும் இதில் இல்லை. அது நிறுவனர் பேசி முடித்த பிறகு வேறொருவர் செய்ய வேண்டியது. நீங்கள் இப்போதே கேட்டுவிட்டால், சிஸ்டர் பேசும் நேரம் முழுக்கக் கேட்பவர்கள் மனசுக்குள் பர்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

மொழி பற்றி ஒரு சொல். மலையில் நடக்கும் விருந்துகளில் தமிழ் தெரியாதவர்கள் சிலராவது இருப்பார்கள். அதற்காக ஒவ்வொரு வரியையும் இரண்டு மொழியில் சொன்னால் எதுவும் மனசில் ஒட்டாது. பெரும்பாலோருக்கு எது புரியுமோ அந்த ஒரு மொழியில் பேசுங்கள். மற்ற மொழியில் ஒரு பக்கம் அச்சடித்து மேஜையில் வைத்துவிடுங்கள்.

6. தேதியும் மணியும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. ஏப்ரல், மே சீசனில் அறையும் கிடைக்காது, மலைப்பாதையில் நெரிசலும் தாங்காது. பிப்ரவரி பின்பாதி நல்ல நேரம். மார்ச் 31-க்கு முன் வருமானவரிக்காக நன்கொடை கொடுக்க நினைப்பவர்களுக்கும் அது வசதி.

கோயம்புத்தூரிலிருந்து வருபவர்கள் வெளிமாவட்ட வண்டிக்கு epass.tnega.org தளத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். அவர்கள் பனிமூட்டத்திலும் யானை நடமாடும் இடங்களிலும் இரவில் இறங்க வேண்டியவர்கள். எட்டரைக்கே கடிகாரம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் நிகழ்ச்சி அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நாங்கள் வைத்துக்கொண்ட வரிசை: ஆறரைக்கு டீயும் சூப்பும், வரவேற்பும் அப்போதே. ஏழேகாலுக்கு எல்லோரும் அமர்ந்தாக வேண்டும். ஏழு இருபதுக்கு அறிமுகம், அதை அடுத்து சிஸ்டர் பன்னிரண்டு நிமிடம், பிறகு நன்கொடை கேட்பது மூன்று நிமிடம், அட்டை நிரப்ப ஐந்து நிமிடம். எட்டு மணிக்குத்தான் பஃபே திறக்கும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பஃபே திறந்த பிறகு யாரும் மேஜைக்குத் திரும்பி உட்கார மாட்டார்கள். தட்டோடு நிற்பவர் கையில் பேனா பிடிக்கவும் முடியாது. சமையல் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி, பேச்சு நடக்கும்போது தட்டு அடுக்கும் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை மைக் இருக்காது. மைக் இல்லாமலும் பேசக்கூடிய அளவு மேஜைகளை நெருக்கிப் போடுங்கள். சாப்பாட்டுக்கு ஆள் ஒன்றுக்கு 900 ரூபாய், மைக்குக்கும் ஜெனரேட்டருக்கும் 8,000 என்று ஐம்பது பேருக்கு 53,000 ஆனது. அதை ஒரு குடும்பம் முழுசாக ஏற்றுக்கொண்டது. தொகுப்பாளர் அதை ஒரே வரியில் அறிவித்துவிட்டால், நம் காசு பிரியாணிக்குப் போகிறதோ என்ற சந்தேகம் யாருக்கும் வராது.

7. மேஜையில் என்ன இருக்க வேண்டும்

ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு உறுதிமொழி அட்டை, எழுதக்கூடிய ஒரு பேனா. அட்டையில் பெயர், போன், முகவரி, பான் எண், மூன்று கட்டம்: ஒரு வருஷம் 36,000, ஒரு மாதம் 3,000, வேறு தொகை. கீழே க்யூஆர். விருந்து நடக்கும் அறையிலேயே போன் சிக்னல் எடுக்கிறதா என்று முந்தைய நாள் சோதித்துப் பாருங்கள். பல எஸ்டேட் பங்களாக்களில் எடுக்காது. அங்கே க்யூஆரை நம்ப முடியாது, அட்டையும் காசோலையும்தான்.

வரி விஷயத்தில் மேடையிலிருந்து வாக்குக் கொடுக்காதீர்கள். 80ஜி கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், புதிய முறையில் கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழிவு இல்லை. இதை அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்துவிட்டால் போதும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விஷயத்தில். குன்னூரிலும் கொடைக்கானலிலும் அப்படிப்பட்டவர்கள் நிறையவே வசிக்கிறார்கள். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி, இங்கேயே ரூபாயில் கொடுத்தாலும் சரி, அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில் மட்டுமே அதை வாங்கலாம். வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது இதில் வராது. பதிவு இல்லாத அமைப்பு என்றால், அட்டையில் "இந்தியக் குடியுரிமை உண்டு" என்று ஒரு கட்டம் வையுங்கள். இல்லாதவர் நீட்டும் உறையை மரியாதையாக மறுக்க, வாசல் மேஜையில் விஷயம் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள்.

8. அந்த மூன்று நிமிடம்

தாளைக் கையில் வைத்துக்கொள்ளலாம், வாசிக்கக் கூடாது. அடுப்பு வரி வந்ததும் ஒரு மூச்சு நிறுத்துங்கள், உடனே அடுத்ததுக்குத் தாவ வேண்டாம். தொகையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். பணத்தைச் சொல்ல நீங்களே கூச்சப்பட்டால் கொடுக்கிறவருக்கும் கூச்சம் வந்துவிடும். கடைசி வரிக்குப் பிறகு மைக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உங்கள் இடத்தில் போய் உட்காருங்கள், மேடையில் நிற்காதீர்கள்.

நன்கொடை கேட்பவரிடம் ஒன்றைத் தயார் செய்து கொடுத்திருக்க வேண்டும்: முன்கூட்டியே ஒப்புக்கொண்ட குடும்பங்களின் எண்ணிக்கை. விருந்துக்கு முந்தைய வாரமே நானும் இன்னும் இரண்டு குடும்பங்களும் ஆளுக்கு ஒரு வீட்டை ஏற்றிருந்தோம். "பன்னிரண்டில் மூன்று வீடு ஆகிவிட்டது, ஒன்பது பாக்கி" என்று அவர் தொடங்கியதும், கொடுப்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற காரியமாகிவிட்டது. முதல் ஆளாகக் கை தூக்க வேண்டிய சங்கடம் யாருக்கும் இல்லை. அட்டை நிரப்பும் ஐந்து நிமிடம் யாரும் மைக்கில் பேசக் கூடாது, பாட்டும் வேண்டாம். அந்த அமைதி நீளமாகத் தோன்றும், தாங்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் அட்டைகளை மேஜையிலேயே சேகரித்துவிடுங்கள். "போகும்போது பெட்டியில போடுங்க" என்றால் பாதி அட்டை கோட்டுப் பையில் வீட்டுக்குப் போய்விடும்.

9. மறுநாள்

அட்டை என்பது வாக்கு, பணம் அல்ல. கைக்கு வந்த பணத்துக்கு மறுநாளே ரசீது போக வேண்டும். உறுதி கொடுத்தவர்களுக்கு இரண்டு நாளுக்குள் வங்கி விவரத்தோடு ஒரு செய்தி அனுப்புங்கள். பத்து நாளில் வராவிட்டால் போன் செய்ய வேண்டியது அலுவலகம் அல்ல, நீங்கள்தான். உங்களை நம்பித்தான் அவர் எழுதினார். "அண்ணே, அந்த அட்டை விஷயமா" என்று தொடங்கினாலே பெரும்பாலும் போதும். மார்ச் 31-க்குப் பிறகு வரும் பணம் அடுத்த நிதியாண்டுக் கணக்கில்தான் சேரும், அதையும் அந்த போனிலேயே சொல்லிவிடுங்கள். வரிக் கழிவுக்கான சான்றிதழை அமைப்பு மே 31-க்குள் தர வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் அலுவலகத்துக்குப் போய், உங்கள் மேஜையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்ததா என்று பெயர் பெயராகச் சரிபாருங்கள்.